ஒரே பேப்பர்ல Ga சின்னது, Ga பெரிசு: ஆன்சர் கீ தப்பா, நான் தப்பா?

கவிழ்ந்த பீக்கர் | 6 ஏப்ரல், இரவு 10.50

குடியாத்தம். ரிப்பீட்டர். இன்னைக்கு மாக் டெஸ்ட்ல 13-ஆம் தொகுதியில இருந்தே வரிசையா நாலு கேள்வி. கீ பார்த்ததுல இருந்து தூக்கம் வரல.

61: அணு ஆரம், சரியான ஏறு வரிசை. B < Ga < Al < In < Tl போட்டேன். சரி. இது 2018 நீட்ல அப்படியே வந்தது, மனப்பாடம்.

62: முதல் அயனியாக்கும் ஆற்றல், இறங்கு வரிசை. B > Al > Ga > In > Tl போட்டேன். தப்பு. கீ: B > Tl > Ga > Al > In.

63: Al, Ga, In, Tl ஆரத்தின் ஏறு வரிசை. 61 மாதிரியே Ga-வை முன்னாடி போட்டேன். தப்பாம். கீ: Al < Ga < In < Tl.

64: எலக்ட்ரான் கவர்தன்மை. பயந்து விட்டுட்டேன். கீ: B > Tl > In > Ga > Al.

61-ல Ga சின்னது, 63-ல Ga பெரிசு. ரெண்டும் ஒரே பேப்பர். கீ போட்டவர் தூங்கிட்டார்னு நான் சொல்றேன். சரியா?

மூணு செகண்ட் ஆன்சர் | 6 ஏப்ரல், இரவு 11.05

கீ தப்புதான், சந்தேகமே வேணாம். ரூல் ஒண்ணே ஒண்ணு: கீழ போனா சைஸ் கூடும், ஆற்றல் குறையும். Ga மட்டும் விதிவிலக்கு. Al-யும் Ga-வையும் இடம் மாத்திட்டா எல்லாக் கேள்வியும் முடிஞ்சது. ஆரம்: B, Ga, Al, In, Tl. அயனியாக்கும் ஆற்றல்: B > Ga > Al > In > Tl. மூணு செகண்ட்.

கவிழ்ந்த பீக்கர் | 6 ஏப்ரல், இரவு 11.12

நீங்க சொன்ன வரிசை 62-ல ரெண்டாவது ஆப்ஷனா இருக்கு. கீ அதையும் தப்புன்னு சொல்லுது. Tl ரெண்டாவது இடத்துக்கு எப்படி வந்தது?

மூணு செகண்ட் ஆன்சர் | 6 ஏப்ரல், இரவு 11.14

அதுவும் கீ தப்பு.

பாகாயம் பழைய வாத்தி | 7 ஏப்ரல், காலை 5.40

62-ல கீ சரி. எண்களைப் பாருங்க, கிலோ ஜூல் கணக்குல: B 801, Al 577, Ga 579, In 558, Tl 589. Al-க்கும் Ga-வுக்கும் ரெண்டு கூட முழுசா இல்ல. In-ல ஒரு பள்ளம், Tl-ல ஒரு மேடு. இடம் மாத்துற சூத்திரம் Al, Ga ஜோடிக்கு வேலை செய்யும். கடைசியில இருக்கிற Tl-ஐக் கவனிக்காது. பாதி கிணறு தாண்டினவர் நிலைமை.

63 பத்தி இப்போ சொல்ல மாட்டேன். கேள்வித்தாளை ஒருதடவை நல்லா பாருங்க.

கவிழ்ந்த பீக்கர் | 7 ஏப்ரல், காலை 7.20

பார்த்தேன். "ஆரத்தின் ஏறு வரிசை"ன்னு தான் இருக்கு. ஒண்ணும் புரியல. பஸ்ல இருக்கேன், அப்புறம்.

ஆற்காடு அப்பா | 7 ஏப்ரல், காலை 8.02

பையன் பிளஸ் டூ எழுதிட்டு நீட்டுக்கு படிச்சிக்கினு இருக்கான். இந்த ஆரம் ஆரம்னு ரெண்டு நாளா வீட்ல அவன் சொல்ல, எங்க வீட்டம்மா திரும்பித் திரும்பி என்னையே பாக்குது. எங்க வீட்ல ஆரம்னா கோச்சிங் ஃபீஸுக்கு அடகுல இருக்கிறதுதான். சரி, விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி கேள்வியை இவன் தொடறதே இல்ல. தப்பானா மைனஸ் ஒண்ணு, விட்டா ஜீரோ, அதனால விடுறதே லாபம்ங்கிறான். அது இன்னா கணக்கு, சரிதானா?

கவிழ்ந்த பீக்கர் | 7 ஏப்ரல், மதியம் 1.30

சார், நாலு ஆப்ஷன்ல ரெண்டை அடிச்சிட்டா விடுறது நஷ்டம். மீதி ரெண்டுல குருட்டாம்போக்கா ஒண்ணு போட்டாலும் பாதி தடவை +4, பாதி தடவை −1. 61-ஐ எடுத்துக்கோங்க. ஆப்ஷன் இப்படி இருந்தது:

(1) B < Al < In < Ga < Tl
(2) B < Al < Ga < In < Tl
(3) B < Ga < Al < In < Tl
(4) B < Ga < Al < Tl < In

நாலுலயும் B முன்னாடி, அதைப் பத்தி யோசிக்கவே வேணாம். In-ஐ விட Ga பெரிசுன்னு எவனும் சொல்ல மாட்டான், அதனால (1) போச்சு. மீதி மூணுல கேட்கிறது ரெண்டே விஷயம்: Al-ஆ Ga-வா, In-ஆ Tl-ஆ. In 167 பிக்கோமீட்டர், Tl 170. மூணு தான் வித்தியாசம், ஆனா Tl தான் பெரிசு. (4) போச்சு. கடைசியா Al 143, Ga 135. (3).

எண் தெரிஞ்சா எல்லாம் சுலபம். எண் தெரியாம காரணத்தை வச்சே இதைக் கண்டுபிடிக்க முடியுமாங்கிறது தான் எனக்குக் கேள்வி.

ராணிப்பேட்டை லேப் | 7 ஏப்ரல், மாலை 6.45

நான் லெதர் கெமிக்கல் லேப்ல இருக்கேன், நீட் எல்லாம் எழுதினது இல்ல. ஆனா நீங்க எல்லாரும் Ga சின்னதுன்னு சொல்றது எனக்கு உதைக்குது. எங்க டேபிள்ல Al 53.5, Ga 62, In 80, Tl 88.5. அப்படியே ஏறிக்கிட்டே போகுது, எந்த விதிவிலக்கும் இல்ல. எங்க குரோமியமே 61.5, கிட்டத்தட்ட உங்க காலியம் சைஸ். 143, 135 எல்லாம் எங்கிருந்து வந்தது?

மூணு செகண்ட் ஆன்சர் | 7 ஏப்ரல், மாலை 6.58

அண்ணா அது அயனி ஆரம். M³⁺. இங்க அணு ஆரம் பேசிட்டு இருக்கோம். கேள்வியைப் படிச்சிட்டு வாங்க.

ராணிப்பேட்டை லேப் | 7 ஏப்ரல், இரவு 7.10

ஓ. சரி தம்பி. எங்களுக்குத் தொட்டில வர்றது எப்பவும் அயனிதான். அணுவை நான் பார்த்ததே இல்ல.

கவிழ்ந்த பீக்கர் | 7 ஏப்ரல், இரவு 9.25

ஒரு நிமிஷம்.

லேப் அண்ணன் சொன்ன வரிசை Al < Ga < In < Tl. 63-க்கு கீ சொல்ற அதே வரிசை.

கேள்வித்தாளை டியூப் லைட் கிட்ட வச்சுப் பார்த்தேன். 63-ல ஒவ்வொரு குறியீட்டுக்குப் பக்கத்துலயும் மேல ஒரு அழுக்குப் புள்ளி. ஜெராக்ஸ் அழுக்குன்னு நினைச்சிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதே சென்டர்தான். அவ தாள்ல ஒண்ணுல மட்டும் "3+" லேசாத் தெரியுது. ஜெராக்ஸோட ஜெராக்ஸ் எடுத்ததுல மத்த மூணும் போயிடுச்சு.

அதாவது 63 கேட்டது அயனி ஆரம். கீ சரி. 61-உம் சரி. தூங்கினது ஜெராக்ஸ் மெஷின். வாத்தி சார் காலையிலேயே கண்டுபிடிச்சிட்டு சிரிச்சிட்டு இருந்திருக்கார்.

லேப் அண்ணே, கேள்வியைத் தப்பாப் படிச்சு சரியான பதிலைச் சொன்ன ஒரே ஆள் நீங்கதான்.

பாகாயம் பழைய வாத்தி | 8 ஏப்ரல், காலை 5.30

சிரிக்கல. முப்பது வருஷம் ஸ்டென்சில் கட் பண்ணி கேள்வித்தாள் உருட்டினவன் நான், மேல இருக்கிற சின்ன எழுத்து எப்பவும் முதல்ல காணாம போகும்.

இப்ப உங்க கேள்விக்கு வரலாம், எண் இல்லாம எப்படின்னு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: உள்ள புதுசா யார் வந்தாங்க?

Al-ல இருந்து Ga-வுக்கு இறங்குறோம். நடுவுல ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்து தனிமம். அணுக்கருவுல பத்து புரோட்டான் கூடுது, அதை மறைக்க வந்த பத்து எலக்ட்ரானும் 3d-ல உட்காருது. s, p எலக்ட்ரான் மறைக்கிறது ஓலைக் கொட்டகை மாதிரி. d மறைக்கிறது பனைமர நிழல் மாதிரி, நின்னா தலைக்கு மட்டும்தான் வெயில் படாது. வெளியில இருக்கிற 4p எலக்ட்ரானுக்கு அணுக்கருவோட இழுப்பு நல்லா உறைக்குது. அதனால கூடு ஒண்ணு கூடியும் அணு பெருக்கல, எலக்ட்ரானைப் பிடுங்குறதும் சுலபமாகல.

Ga-ல இருந்து In. இங்கயும் பத்து d எலக்ட்ரான் உண்டு, ஆனா அது Ga-வுக்கும் இருந்தது. புது ஆள் யாரும் இல்ல. அதனால வழக்கம் போல சைஸ் கூடுது, ஆற்றல் குறையுது. பள்ளம் இதுதான்.

In-ல இருந்து Tl. இப்ப 4f முதல் தடவையா வருது, பதினாலு பேர். d-யை விட மோசமான நிழல். சைஸ் மூணு பிக்கோமீட்டர் தான் ஏறுது, ஆற்றல் 558-ல இருந்து 589-க்குத் தாவுது. இவ்வளவு கனமான அணுவுல உள் எலக்ட்ரான்களோட வேகமே தனியா ஒரு சுருக்கத்தைக் கொடுக்கும், அதுவும் இந்த மேட்டுல சேர்ந்திருக்கு. பரீட்சைக்கு 4f போதும்.

கவிழ்ந்த பீக்கர் | 8 ஏப்ரல், இரவு 10.15

புது ஆள் வந்த இடம் Ga, Tl. ரெண்டு இடத்துலயும் வழக்கம் உடையுது. வராத இடம் In, அங்க வழக்கம் நிக்குது. இது எனக்குப் பிடிச்சிருக்கு.

62-க்கு வாய்ப்பாடும் கண்டுபிடிச்சிட்டேன். போரான், தாலியம், காலியம், அலுமினியம், இண்டியம்: போன தாத்தா காட்பாடி அருகே இறங்கினார்.

ஆற்காடு அப்பா | 8 ஏப்ரல், இரவு 10.40

ஏன், ஸ்டேஷன்லயே இறங்க வேண்டியதுதானே?

கவிழ்ந்த பீக்கர் | 8 ஏப்ரல், இரவு 10.44

அன்ரிசர்வ்ட்ல கூட்டம் தள்ளி விட்டுடுச்சு சார்.

மூணு செகண்ட் ஆன்சர் | 9 ஏப்ரல், மதியம் 12.10

தாத்தாவுக்கு ஒரு ஆபத்து சொல்றேன். நான் ஒரு டெஸ்ட்ல "முதல் மூன்று அயனியாக்கும் ஆற்றல்களின் கூடுதல்"னு ஒண்ணு பார்த்தேன். அதுக்கு கீ B > Ga > Tl > Al > In. அங்க தாத்தாவும் காட்பாடியும் இடம் மாறிடுது. அப்ப தாத்தா தப்பு.

பாகாயம் பழைய வாத்தி | 9 ஏப்ரல், மாலை 4.00

தாத்தா தப்பில்ல, அவர் முதல் எலக்ட்ரானுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர். மூணையும் கூட்டினா B 6887, Ga 5520, Tl 5439, Al 5137, In 5084. ரெண்டாவது, மூணாவது எலக்ட்ரான் s-ல இருந்து வருது. p-ஐ விட s அணுக்கருவுக்கு இன்னும் கிட்டப் போய் வரும், d-யோட ஓட்டை நிழல் அதுக்கு இன்னும் அதிகமா உறைக்கும். அதனால Ga-வுக்கு இந்த ரெண்டு படியும் சேர்ந்து Al-ஐ விட கிட்டத்தட்ட முன்னூத்தி எண்பது கிலோ ஜூல் கூடுது. முதல் படியில ரெண்டே ரெண்டு.

கேள்வியில "முதல்"ங்கிற சொல்லை வட்டம் போடுங்க. இந்த முறை தம்பி சொன்னதுல விஷயம் இருக்கு.

கவிழ்ந்த பீக்கர் | 12 ஏப்ரல், இரவு 11.30

மூணு நாளா ஒரு விஷயம் குடையுது. d நிழல் மோசம்னு சொன்னா மட்டும் எப்படி நம்புறது, எண் போட்டுப் பார்ப்போம்னு ஸ்லேட்டர் விதியை எடுத்தேன்.

Al: 13 புரோட்டான். கூட இருக்கிற ரெண்டு பேருக்கு 0.35 வீதம் 0.7, உள் கூட்டுல எட்டு பேருக்கு 0.85 வீதம் 6.8, அடியில ரெண்டு பேருக்கு முழுசா 2. கழிச்சா மிச்சம் 3.5.

Ga: 31 புரோட்டான். 0.7, அப்புறம் பதினெட்டு பேருக்கு 0.85 வீதம் 15.3, அடியில 10. கழிச்சா 5.0.

இதுவரைக்கும் சூப்பர். 3.5 எங்க, 5.0 எங்க. Ga இழுப்பு ரொம்ப அதிகம்.

ஆனா சைஸுக்கு n*-ஐ வர்க்கம் பண்ணி இந்த எண்ணால வகுக்கணும். Al-க்கு n* 3, அதனால 9/3.5 = 2.57. Ga-வுக்கு ஸ்லேட்டர் 4-க்குப் பதிலா 3.7 போடச் சொல்றார். 13.69/5 = 2.74. பிக்கோமீட்டர்ல மாத்த 53-ஆல பெருக்கினா Al 136, Ga 145.

Ga பெரிசா வருது! மூணு தடவை போட்டேன். எங்க தப்பு?

மூணு செகண்ட் ஆன்சர் | 12 ஏப்ரல், இரவு 11.41

0.85-க்கு பதிலா d-க்கு கம்மியா போட்டிருக்கணும். d மோசமா மறைக்கும்னு சார் சொன்னாரே.

கவிழ்ந்த பீக்கர் | 12 ஏப்ரல், இரவு 11.50

விதியில 4p-க்கு 3d-யும் 3s-உம் ஒரே 0.85 தான். நான் மாத்த முடியாது. மாத்தினா அது ஸ்லேட்டர் விதி இல்ல, குடியாத்தம் விதி.

பாகாயம் பழைய வாத்தி | 13 ஏப்ரல், காலை 5.50

உங்க கணக்குல தப்பே இல்ல. விதிதான் இவ்வளவு நுணுக்கத்துக்குத் தாங்காது. நீங்களே கவனிச்சீங்க, 3s-க்கும் 3d-க்கும் ஒரே மதிப்பெண் போடுற விதி அது. நம்ம கதையே அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆறு சதவீதத்துல தீர்மானமாகிற சண்டையை அந்தத் தராசுல நிறுத்தக் கூடாது. தம்பி சொன்ன திசையும் சரிதான், ஆனா நம்ம இஷ்டத்துக்கு மாத்தாம, முறையாக் கணக்கிட்ட எண்களை எடுக்கணும். அதுல Al 4.07, Ga 6.22. இதைப் போட்டுப் பாருங்க.

கவிழ்ந்த பீக்கர் | 13 ஏப்ரல், காலை 6.30

9/4.07 = 2.21. 13.69/6.22 = 2.20.

தலைக்குத் தலை சமம்! அப்ப 143-க்கும் 135-க்கும் எட்டு பிக்கோமீட்டர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பாகாயம் பழைய வாத்தி | 13 ஏப்ரல், இரவு 8.15

இதைத்தான் நீங்க கேட்கணும்னு காத்திருந்தேன். அந்த ரெண்டு எண்ணும் உலோக ஆரம். திண்மத்துல பக்கத்து அணு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்து, அதுல பாதி. Al ஒழுங்கான குடும்பம்: ஒவ்வொரு அணுவைச் சுத்தியும் பன்னிரண்டு பேர், எல்லாரும் 286-ல. பாதி 143. சந்தேகத்துக்கே இடமில்ல.

Ga அப்படி இல்ல. ஒரே ஒரு அணு மட்டும் ரொம்பக் கிட்ட, சுமார் 245-ல ஒட்டிக்கிட்டு நிக்கும். இன்னும் ஆறு பேர் 270-ல இருந்து 279 வரை தள்ளித் தள்ளி. எதுல பாதி எடுக்கிறது? 270-ல பாதி எடுத்தா 135. ஒட்டினவரை எடுத்தா 122. சகப்பிணைப்பு ஆரம் எடுத்தா Al 121, Ga 122, அங்க Ga ஒரு பிக்கோமீட்டர் பெரிசு. வேற பட்டியல்ல Al 126, Ga 124, மறுபடி சின்னது.

அதனால நேர்மையாச் சொன்னா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். கூடு ஒண்ணு கூடியும் பெருக்காம நின்னதுதான் ஆச்சரியமே. "Ga சின்னது"ங்கிறது 143, 135 அச்சடிச்ச புத்தகத்தோட முடிவு. பரீட்சையில அந்தப் புத்தகம்தான் ஜெயிக்கும்.

ராணிப்பேட்டை லேப் | 13 ஏப்ரல், இரவு 9.00

காலியம் கையில வச்சா உருகும்னு வீடியோ பார்த்தேன். நிஜமா?

பாகாயம் பழைய வாத்தி | 14 ஏப்ரல், காலை 10.20

உருகுநிலை 29.76 டிகிரி. வேலூர்ல சித்திரை மாசம் கை எதுக்கு, அலமாரியே போதும்.

புத்தாண்டும் அதுவுமா ஒரு பழைய கதை. எங்க பள்ளிக்கூட லேப்புக்கு ஒருதடவை பத்து கிராம் காலியம் கண்ணாடிக் குப்பியில வந்தது. ஏப்ரல். வந்ததே திரவமா. வகுப்புல திண்மமாக் காட்டணும்னு ஸ்டாஃப் ரூம் பிரிட்ஜ்ல வச்சேன். காலையில பார்த்தா இன்னும் திரவம். அது அவ்வளவு சுலபத்துல உறையாது, உருகுநிலைக்கு ரொம்பக் கீழ போயும் திரவமாவே நிக்கும். குப்பியைத் தட்டினேன், திடீர்னு உறைஞ்சது. உறையும்போது தண்ணி மாதிரி விரியும்ங்கிறதை மறந்துட்டேன். குப்பி விரிசல்.

சிந்தினதை என் டிபன் பாக்ஸோட அலுமினிய மூடியில வழிச்சு வச்சேன். பழைய மூடி, முழுக்கக் கீறல். மறுநாள் மூடியைத் திறக்கக் கட்டை விரலை வச்சு அழுத்தினா, அப்பளம் மாதிரி நொறுங்குது. Al மேல இருக்கிற ஆக்சைடு படலத்துல கீறல் இருந்தா, காலியம் உள்ள புகுந்து படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவுல ஓடிடும். Al பெரிசா Ga பெரிசான்னு பசங்க சண்டை போடும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வரும். எலுமிச்சை சாதம், கொட்ட வேண்டியதாப் போச்சு.

ஒட்டி நிக்கிற அந்த ஜோடி அமைப்புக்கும் இவ்வளவு குறைஞ்ச உருகுநிலைக்கும் தொடர்பு உண்டு. விவரம் பேசினா இழை திசை மாறிடும்.

ஆற்காடு அப்பா | 14 ஏப்ரல், மதியம் 1.15

இழை எப்பவோ திசை மாறிப்போச்சி சார். புத்தாண்டு வாழ்த்துகள்.

கவிழ்ந்த பீக்கர் | 17 ஏப்ரல், இரவு 10.00

64 பாக்கி. கவர்தன்மை. கீ: B > Tl > In > Ga > Al.

இந்த வரிசை எங்க இருக்குன்னு தேடினேன். இப்ப வர்ற என்.சி.இ.ஆர்.டி. பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்துல அந்தப் பாடமே இல்ல, எடுத்துட்டாங்க. நீட் பாடத்திட்டத்துல மட்டும் 13-ல இருந்து 18 வரை எல்லாத் தொகுதியும் இருக்கு. அண்ணனோட பழைய புத்தகத்தைப் பரண்ல இருந்து இறக்கினேன். B 2.0, Al 1.5, Ga 1.6, In 1.7, Tl 1.8. Al-க்கு விழுந்துட்டு அப்புறம் அழகா ஒவ்வொண்ணா ஏறுது. கீ அதை வச்சுதான்.

ஆனா சுவர்ல மாட்டியிருக்கிற சார்ட்ல Al 1.61, Ga 1.81, In 1.78. அங்க Ga பெரிசு. இப்ப வாத்தி சாரோட "புது ஆள்" கதைப்படி பார்த்தா, Ga-ல ஏறணும், In-ல இறங்கணும். சார்ட் தான் கதையோட ஒத்துப்போகுது. புத்தகம் ஒத்துப்போகல.

ஒண்ணு கதை தப்பு. இல்ல புத்தகம் தப்பு.

மூணு செகண்ட் ஆன்சர் | 17 ஏப்ரல், இரவு 10.20

புத்தகம் தப்புன்னு சொன்னா நெகட்டிவ் மார்க் விழும். பேசாம 1.5, 1.6, 1.7, 1.8 மனப்பாடம் பண்ணு. ஏறுமுகம். மூணு செகண்ட்.

பாகாயம் பழைய வாத்தி | 18 ஏப்ரல், காலை 6.00

ரெண்டும் பாலிங் அளவுகோல்தான். புத்தகத்துல இருக்கிறது பாலிங்கோட பழைய எண்கள், ஒரு தசமத்தோட. சார்ட்ல இருக்கிறது 1961-ல ஆல்ரெட் புதுசாக் கிடைச்ச வெப்பத் தரவுகளை வச்சுத் திருத்தினது. கவர்தன்மையை யாரும் நேரா அளக்க முடியாது. பிணைப்பு ஆற்றல்கள்ல இருந்து கணக்குப் போட்டு வர்றது, ஆற்றல் எண் திருந்தினா இதுவும் திருந்தும். 1.81-க்கும் 1.78-க்கும் உள்ள 0.03-ஐ வச்சு வரிசை கேட்கிறது நியாயமில்லாத கேள்வி. அணுக்கரு இழுப்பை நேரா வச்சுக் கணக்கிடுற ஆல்ரெட்-ரோக்கோ அளவுகோல்ல Ga 1.82, In 1.49. அங்க வித்தியாசம் பளிச்சுனு தெரியும், உங்க கதையும் நிக்கும்.

கவிழ்ந்த பீக்கர் | 18 ஏப்ரல், இரவு 9.40

Tl-ஐ விட்டுட்டீங்க. சார்ட்ல 1.62 போட்டிருக்கு. இன்னொரு இடத்துல 2.04. 2.04-னா B-யும் அதே 2.04! அப்ப Tl முதல் இடத்துல சமமா, இல்ல கடைசியில Al பக்கத்துலயா?

பாகாயம் பழைய வாத்தி | 19 ஏப்ரல், காலை 5.45

1.62 என்பது Tl(I) சேர்மங்கள்ல இருந்து, 2.04 என்பது Tl(III) சேர்மங்கள்ல இருந்து. Tl ரெண்டு வேஷம் போடும், ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு எண். மத்த நாலு பேரையும் +3-ல வச்சு ஒப்பிட்டா 2.04 எடுக்கிறதுதான் முறை. ஆனா கேள்வியில அது எழுதியிருக்காது. ஆல்ரெட்-ரோக்கோவுல Tl 1.44, எல்லாரையும் விடக் கீழ. அங்க என் "புது ஆள்" கதையும் ஒத்துழைக்காது, ஒத்துக்கிறேன்.

கவிழ்ந்த பீக்கர் | 19 ஏப்ரல், காலை 7.05

அப்ப பரீட்சையில வந்தா?

பாகாயம் பழைய வாத்தி | 19 ஏப்ரல், காலை 7.30

ஆப்ஷன்ல பழைய புத்தக வரிசை இருந்தா அதைப் போடுவேன். என் பேரனா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். சரியான விடைங்கிறதால இல்ல.

ராணிப்பேட்டை லேப் | 19 ஏப்ரல், இரவு 8.50

எனக்கு இது ஒத்துக்கல சார். எங்க லேப்ல ரெண்டு டேபிள் ரெண்டு எண் சொன்னா, எந்த டேபிள்னு ரிப்போர்ட்ல எழுதாம கையெழுத்துப் போட முடியாது. கேள்விலயும் அளவுகோல் பேரைப் போட்டா என்ன குறைஞ்சிடும்?

மூணு செகண்ட் ஆன்சர் | 19 ஏப்ரல், இரவு 9.02

கேள்வி ரெண்டு வரி நீளமாயிடும் அண்ணா. எனக்கு ஆறு செகண்ட் ஆகும்.

கவிழ்ந்த பீக்கர் | 23 ஏப்ரல், இரவு 10.35

சென்டர்ல போய்க் கேட்டேன். 63-க்கு ஜெராக்ஸ் விஷயத்தை அக்கா தாளோட காட்டினதும் எல்லாருக்கும் மார்க் போட்டுட்டாங்க. எனக்கு −1 போய் +4, ஆக அஞ்சு மார்க் ஏறிச்சு. 64-க்கு ரெண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன். "கீ என்ன சொல்லுதோ அதுதான்மா"ன்னு சொல்லி அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுட்டார்.

வந்து ஒரு தாள்ல மூணு பத்தி கோடு போட்டு எழுதினேன். ஆரம் பத்தியில 143, 135-க்குப் பக்கத்துல "உலோகம்"னு சின்னதா. அதுக்குக் கீழ 3+ ஆரம், சிவப்பு மையில. ஆற்றல் பத்தியில தாத்தா. கவர்தன்மைப் பத்தியில பழைய புத்தக எண்கள், Tl கட்டம் மட்டும் பென்சில்ல.

ஆற்காடு அப்பா | 23 ஏப்ரல், இரவு 11.10

பையனுக்கு இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன். 61 மாதிரி வந்தா இனிமே விட மாட்டானாம், 64 மாதிரி வந்தா கண்டிப்பா விட்டுடுவானாம். அது இருக்கட்டும், அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துப் போடும்மா.

கவிழ்ந்த பீக்கர் | 23 ஏப்ரல், இரவு 11.15

போடுறேன் சார். கரண்ட் போயிடுச்சு, வந்ததும்.